மளிகைக் கடைக்கு பில் செயலி: நோட்டை மூடும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சிட்டையும் கடன் நோட்டுமாக ஓடிக்கொண்டிருந்த கடையை நான்கு ஆண்டுகளுக்கு முன் செயலிக்கு மாற்றினேன். அன்றிலிருந்து சரக்கு எடுக்கப் போகும் இடத்தில் பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் சில்லறை மளிகையை மனதில் வைத்தவை. மருந்துக் கடைக்கும் துணிக்கடைக்கும் பார்க்க வேண்டியவை வேறு.

நானும் என் வீட்டுக்காரியும்தான் கடையைப் பார்க்கிறோம். எங்களுக்கெல்லாம் செயலி தேவையா?

உட்கார்ந்த இடத்திலிருந்து கடை முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது, சரக்கும் நூற்றைம்பது வகைக்குள் அடங்கிவிடுகிறது என்றால் இருப்புக் கணக்குக்குச் செயலி அவசியமில்லை. கடன் நோட்டை மட்டும் மொபைலுக்கு மாற்றினால் போதும். பின்னறையில் இருப்பது தெரியாமல் அதே சரக்கை மறுபடி வாங்கியிருக்கிறீர்களா? கடன் பாக்கியில் வாடிக்கையாளரோடு மாதம் ஒரு முறையாவது பேச்சு வளர்கிறதா? இந்த இரண்டும் நடந்தால் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது காரணம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 11,000 ரூபாய் விற்றாலே ஆண்டுக்கு அந்த அளவைக் கடந்துவிடும். வரி இல்லாத சரக்கின் விற்பனையும் அந்தக் கூட்டுத்தொகையில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எந்தச் செயலி நல்லது? ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி.

சொல்ல மாட்டேன். ஒரே செயலியைக் குறைந்த சந்தாவில் வாங்கினால் ஒரு வசதி இருக்காது, கூடுதல் சந்தாவில் வாங்கினால் இருக்கும். எனக்குச் சரியாக அமைந்தது நீங்கள் கட்டும் தொகைக்குக் கிடைக்காமல் போகலாம்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான செயலிகளைச் சில நாள் இலவசமாகப் பார்க்க விடுவார்கள். விற்க வந்தவர் காட்டும் மாதிரிச் சரக்கை ஒதுக்கிவிட்டு, உங்கள் கடையில் கணக்குக்குத் தொல்லை தரும் ஐந்து சரக்கை நீங்களே ஏற்றுங்கள்: ஒரு மூட்டை சர்க்கரை, ஒரு பெட்டி சோப்பு, ஒரு சரம் ஷாம்பு, 30 முட்டை உள்ள ஓர் அட்டை, எண்ணிக்கையில் விற்கும் தேங்காய். இந்த ஐந்தையும் வாங்கி, விற்று, ஒன்றைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் செயலியின் தரம் தெரிந்துவிடும்.

மூட்டையில் வாங்கி 100 கிராம், கால் கிலோ என்று விற்கிறேன். இதைச் செயலி சமாளிக்குமா?

மளிகைக்குச் செயலி தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு சரக்குக்கு வாங்கும் அளவு ஒன்று, விற்கும் அளவு ஒன்று என்று இரண்டு வைக்க இடம் வேண்டும். இரண்டுக்கும் உள்ள உறவையும் நாம் எழுத முடிய வேண்டும்: 1 மூட்டை என்பது 50 கிலோ, 1 பெட்டி என்பது 48 சோப்பு, 1 சரம் என்பது 16 ஷாம்பு. கொள்முதலில் ‘1 மூட்டை’ என்று போட்டதும் இருப்பில் 50 கிலோ ஏற வேண்டும்.

சர்க்கரையை வைத்தே சோதியுங்கள். 2,100 ரூபாய்க்கு ஒரு மூட்டை கொள்முதல் போடுங்கள். அடக்க விலை கிலோவுக்கு 42 ரூபாய் என்று செயலி தானே காட்ட வேண்டும். கிலோ 46 ரூபாய் என்று விற்பனை விலை வைத்து 0.250 கிலோ விற்றால் பில் 11.50 ஆக வேண்டும், இருப்பு 49.750 கிலோவாக இறங்க வேண்டும். சில செயலிகள் தசமத்துக்குப்பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதில் 125 கிராம் 0.13 கிலோவாகிவிடும். மஞ்சள்தூள், மிளகு, சீரகம் விற்கும் கடைக்கு அது உதவாது. மூன்று இலக்கம் கட்டாயம் வேண்டும்.

வாடிக்கையாளர் கிராமில் மட்டுமா கேட்கிறார்? ‘இருபது ரூபாய்க்கு உளுந்து’ என்றும் கேட்பார். தொகையைப் போட்டால் எடையைத் தானே கணக்கிடும் வசதி இருக்கிறதா என்று அதே சோதனையில் பாருங்கள். அது இல்லாத செயலியில், கூட்டம் சேரும் மாலை நேரத்தில் கையால் வகுத்துப் போட நேரம் கிடைக்காது.

எல்லாம் சரியாகப் போட்டும் மூட்டை முடியும்போது இருப்பு ஒத்து வரவில்லை. செயலியில் பிழையா?

பெரும்பாலும் பிழை தராசுப் பக்கம்தான். அந்த 50 கிலோ சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதும் கால் கிலோ பொட்டலமாகப் போனால் 200 பொட்டலம். கை வேகத்தில் ஒவ்வொன்றிலும் 3 கிராம் கூடுதலாக விழுந்தால் மொத்தம் 600 கிராம். மூட்டை காலியான பிறகும் செயலி ‘இருப்பு 0.600 கிலோ’ என்று காட்டும். 42 ரூபாய் அடக்கத்தில் அது 25 ரூபாய் 20 காசு.

நோட்டில் எழுதிய காலத்திலும் இந்த 25 ரூபாய் போய்க்கொண்டுதான் இருந்தது, கண்ணில் படவில்லை. இதைச் சரிசெய்யப் பொய்யாக ஒரு பில் போடக்கூடாது. செயலியில் இருப்பைத் திருத்தும் இடம் தனியாக இருக்க வேண்டும். அங்கே ‘எடைச் சேதாரம்’ என்று காரணம் எழுதிக் கழியுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துப் பாருங்கள். என் கடையில் நிலக்கடலையில் சேதாரம் மற்றவற்றைவிட மும்மடங்கு இருந்தது. மூட்டை வைத்த மூலையில் எலி ஓட்டை இருந்ததை அதன்பிறகுதான் கண்டுபிடித்தோம்.

இருப்பு கழித்தல் குறியோடு காட்டினால் அது வேறு கதை. கொள்முதல் பில்லை ஏற்றாமல் விற்கத் தொடங்கியிருப்பீர்கள், அல்லது முந்தைய பதிலில் சொன்ன அளவு உறவு தவறியிருக்கும். 48 சோப்பு உள்ள பெட்டியை ‘1 சோப்பு’ என்று ஏற்றியிருந்தால் இரண்டாவது சோப்பு விற்றதும் கழித்தல் குறி வந்துவிடும். இரவில் கடை அடைக்கும் முன் கழித்தல் குறி உள்ள சரக்குகளை மட்டும் ஒரு பார்வை பார்த்தால், அன்றைய தவறு அன்றே பிடிபடும்.

பழைய சரக்கு 35 ரூபாய், புதுச் சரக்கு 38 ரூபாய். பார்கோடு ஒன்றுதான். என்ன செய்வது?

நிறுவனம் விலையை உயர்த்தும்போது பெரும்பாலும் பார்கோடை மாற்றுவதில்லை. ஒரு பார்கோடுக்கு ஒரே விலை வைக்கும் செயலியில் 38 என்று மாற்றிவிட்டால், 35 அச்சிட்ட சோப்பும் 38-க்குப் பில்லாகும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம். மாற்றாமல் விட்டாலோ புதுச் சோப்பு ஒவ்வொன்றிலும் மூன்று ரூபாய் நமக்கு நஷ்டம்.

ஒரே பார்கோடுக்குக் கீழே இரண்டு எம்ஆர்பி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் இரண்டையும் காட்டி ‘எது’ என்று செயலி கேட்க வேண்டும், இருப்பையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். காலாவதித் தேதி பார்க்க வேண்டிய சரக்குக்கும் இதே ஏற்பாடுதான் உதவும்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. பில்லில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில், விலைக்குள் வரி அடங்கியிருக்கிறதா என்ற அமைப்பு. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 5 சதவீத வரி உள்ள 105 ரூபாய்ப் பொருளைப் பில் போட்டால் பொருளின் மதிப்பு 100, வரி 5, மொத்தம் 105 என்று வர வேண்டும். 110.25 என்று வந்தால் செயலி எம்ஆர்பியின் மேல் இன்னொரு முறை வரி போடுகிறது. அமைப்பை மாற்றாமல் ஒரு பில்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, நீங்கள் காம்பசிஷன் என்று சொல்லும் இணக்க வரித் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி வாங்க உங்களுக்கு உரிமை இல்லை. பில்லில் வரித் தொகையே வரக்கூடாது. நீங்கள் அந்தத் திட்டத்தில் இருப்பவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் தலையில் அச்சாக வேண்டும். செயலியில் கடையின் வகையை மாற்றியதும் இவை தானாக நடக்கின்றனவா என்று ஒரு பில் அடித்துப் பாருங்கள்.

வரி விகிதம் மாறும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. அன்று ஒவ்வொரு சரக்காகத் திறந்து திருத்தியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். வகையாகப் பிரித்து மொத்தமாக மாற்ற வசதி இருந்தவர்கள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். இலவச நாட்களிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு சரக்கை 18-இல் வைத்துப் பில் போடுங்கள், பிறகு 5 ஆக மாற்றுங்கள், பழைய பில்லை மறுபடி அச்சிடுங்கள். அது 18 என்றே காட்ட வேண்டும். பழைய பில்லும் 5 ஆகிவிட்டால் அந்தச் செயலியைத் தொடாதீர்கள். அடுத்த மாதம் தாக்கல் செய்யும் கணக்கே தவறாகிவிடும்.

ஐந்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்குகிறவருக்கும் பில் போட வேண்டுமா?

பதிவு பெற்ற கடையிலும் 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால், தனிப் பில் வேண்டாம். அன்றைய அப்படிப்பட்ட விற்பனை அனைத்துக்கும் நாள் முடிவில் ஒரே பில் போடலாம். ஆனால் ‘சில்லறை 860 ரூபாய்’ என்று தொகையை மட்டும் போட்டால் இருப்பு இறங்காது. நாங்கள் கல்லாப்பெட்டி அருகே ஓர் அட்டையில் மிட்டாய், தீப்பெட்டி, ஷாம்பு என்று எழுதி, விற்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுகிறோம். இரவில் கோடுகளை எண்ணி, சரக்கு வாரியாக ஒரே பில்லில் ஏற்றிவிடுகிறோம்.

கரண்ட் போனால், நெட் போனால் கடையை மூடவா?

மொபைலை விமானப் பயன்முறையில் போட்டு ஐந்து பில் அடித்துப் பாருங்கள். அடிக்க முடிய வேண்டும். நெட் வந்ததும் ஐந்தும் மேலே ஏறியிருக்க வேண்டும், ஒன்றும் இரட்டிக்கக் கூடாது. நெட் இல்லாமல் திறக்கவே மறுக்கும் செயலிகள் உண்டு. அவை நம் ஊருக்கு ஆகாது. கரண்ட் போகும் நேரத்துக்குப் பேட்டரி உள்ள சிறிய பிரிண்டரே கைகொடுக்கும்.

இரண்டு மொபைலில் பில் போடுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டும் நெட் இல்லாமல் இருக்கும்போது இரண்டிலும் 251-ஆம் எண் பில் விழலாம். ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒரு முறைதான் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதி. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைக்க அதே விதி இடம் தருகிறது. ஆகவே ஒரு மொபைலுக்கு `A/26-27/00001`, மற்றதற்கு `B/26-27/00001` என்று தொடங்குங்கள். முழு எண்ணும் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

பில் தமிழில் வருமா?

திரையில் தமிழ் தெரிந்தால் காகிதத்திலும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். மலிவான பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. பில்லைப் படமாக மாற்றி அனுப்பும் செயலியில் மட்டுமே தமிழ் அச்சாகும். இல்லையென்றால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். படமாக அனுப்பும்போது அச்சு சற்று மெதுவாகும். இரண்டு அங்குலத் தாளில் ‘நாட்டுச் சர்க்கரை’ என்ற பெயரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். இடம் இருந்தால் மூன்று அங்குலப் பிரிண்டரே வாங்குங்கள். பிரிண்டருக்குப் பணம் கொடுக்கும் முன் உங்கள் செயலியிலிருந்து ஒரு தமிழ்ப் பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடன் நோட்டில் எண்பது பேர் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமா?

பழைய வரிகளை ஏற்ற வேண்டாம். ஒருவருக்கு ஒரு பாக்கித் தொகை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும் முன் அவரிடம் நோட்டைக் காட்டி, ‘இன்று வரை பாக்கி 2,460’ என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இதைத் தவிர்த்தவர்களுக்குத்தான் பின்னால் தகராறு வந்தது. ‘கம்ப்யூட்டர் கூட்டிப் போட்டுவிட்டது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் மறுத்துப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். நோட்டில் நாம் எழுதியபடியே ‘முருகன், பால்காரர்’, ‘முருகன், மேலத்தெரு’ என்று செயலியிலும் எழுதுங்கள். பாக்கியை நினைவூட்டிக் குறுஞ்செய்தி தானாகப் போகும் வசதியை முதலில் நிறுத்தி வையுங்கள். முப்பது ஆண்டுகளாக வாங்கும் பெரியவருக்கு ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அப்படி ஒரு செய்தி போவது மரியாதை இல்லை.

எந்த நாளில் தொடங்கலாம்? கடை முழுதும் எண்ண வேண்டுமா?

ஏப்ரல் 1 கணக்குக்கு வசதி, பில் எண்ணும் புதிதாகத் தொடங்கும். அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்தின் முதல் தேதியும் சரிதான். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே இரவில் கடை முழுதும் எண்ண முயன்று பாதியில் விட்ட கடைகள் பல. அலமாரி அலமாரியாகப் போங்கள். திங்கள் இரவு சோப்பு அலமாரியை எண்ணி ஏற்றினால், செவ்வாய் காலையிலிருந்து அந்த அலமாரிச் சரக்கெல்லாம் செயலியில்தான் விற்க வேண்டும். எண்ணியபின் இடையில் நோட்டில் விற்றால் எண்ணியது வீண். பார்கோடு உள்ள சரக்கை முதலில் முடித்துவிட்டு மூட்டைச் சரக்கைக் கடைசியில் எடுங்கள். பிரித்த மூட்டையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் வைத்து எடை போடுங்கள்.

நோட்டையும் செயலியையும் எத்தனை நாள் சேர்த்து எழுத வேண்டும்?

ஒரு முழு மாதம். சம்பள வாரமும் மாதக் கடைசியும் அதில் வந்துவிடும். எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. சிட்டையில் வழக்கம்போல் விற்பனைத் தொகை, கடன் கொடுத்தது, கடனில் வந்தது ஆகியவற்றை மட்டும் எழுதி, இரவில் செயலியோடு ஒப்பிடுங்கள்.

என் கடையில் மூன்றாம் நாள் சிட்டையில் 18,640, செயலியில் 18,300. வித்தியாசம் 340. கல்லாப்பணமும் யுபிஐயில் வந்ததும் செயலியோடு ஒத்துப்போயின. ஆகவே ரொக்கத்தில் தவறில்லை, கடனில்தான் என்று தெரிந்தது. கடன் வரிகளைப் பார்த்தபோது, ஆறரை மணிக் கூட்டத்தில் ஓர் அம்மாவுக்குக் கொடுத்த 340 ரூபாய்ச் சாமான் சிட்டையில் மட்டும் இருந்தது. பில் போடாமல் கொடுத்துவிட்டோம். சிட்டை இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடன் எங்கும் பதிவாகியிருக்காது. தொடர்ந்து பத்து நாள் வித்தியாசம் இல்லாமல் வந்த பிறகே சிட்டையை நிறுத்தினேன்.

வேலைக்கு இருக்கும் தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு பில்லை அழித்துவிட்டால்?

ஒரு பில்லை இல்லாமலே ஆக்கிவிட அனுமதிக்கும் செயலி கடைக்கு ஆகாது. ரத்து செய்த பில்லும் அதன் எண்ணோடு, யார் எத்தனை மணிக்கு ரத்து செய்தார் என்ற விவரத்தோடு நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்து, ரத்து செய்வதையும் விலையை மாற்றுவதையும் கொள்முதல் விலையைப் பார்ப்பதையும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு இருப்பவருக்கும் இது பாதுகாப்பு. கல்லாவில் பணம் குறையும் நாளில் அவர்மேல் வீணாகச் சந்தேகம் விழாது.

சந்தா கட்டுவதை நிறுத்தினால் என் கணக்கு போய்விடுமா?

வாங்கும் முன் இதை எழுத்தில் கேளுங்கள். சந்தா முடிந்தபின் பழைய பில்களைப் பார்க்கவாவது முடிய வேண்டும். அதைவிட முக்கியம், சரக்குப் பட்டியல், கடன் பாக்கி, பில்கள் ஆகிய மூன்றையும் எக்செல் கோப்பாக நாமே இறக்கிக்கொள்ள முடிவது. படமாகவோ அச்சுப் பக்கமாகவோ மட்டும் தருவதை வேறு செயலியில் ஏற்ற முடியாது.

இறக்கிய கோப்பை வேறொரு கணினியில் திறந்து இரண்டைப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்தாக வந்திருந்தால், `.csv` வகைக்குப் பதில் `.xlsx` வகையில் இறக்குங்கள். 13 இலக்கப் பார்கோடு `8.90123E+12` என்று தெரிந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் `.csv` ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். அந்த நெடுவரிசையை எழுத்து வகைக்கு மாற்றித் திறக்க வேண்டும். மாதம் ஒரு முறை இந்த மூன்று கோப்பையும் இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். மொபைல் தொலைந்த அன்று இதுதான் உங்கள் கடன் நோட்டு.

அப்படியானால் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா?

கூடாது. கையெழுத்து வாங்கிய கடன் நோட்டைக் கடைசிப் பாக்கி வசூலாகும் வரை வைத்திருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்கையும் பில்லையும், அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். 2024-25 ஆம் ஆண்டுக்கான அந்தத் தேதி 2025 டிசம்பர் 31. அந்த ஆண்டுக் கணக்கு 2031 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த கொள்முதல் பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும். அவற்றை வாங்கிய அன்றே படமெடுத்து, தேதி வாரியாகச் சேமித்துவிடுங்கள்.